முதல் நோயாளிக்கு முந்தைய தேதி

2001 ஜூலையில் அமெரிக்கக் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவ அகாதமியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 22 பேர் அதன் ஆசிரியர்கள். கடுமையான மனச்சோர்வில் இருக்கும் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாராக்செட்டின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, பெரிய தொந்தரவும் தருவதில்லை என்று அது முடித்திருந்தது. பெரியவர்களுக்கான மருந்தாக அது ஏற்கெனவே கடைகளில் இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்க அமெரிக்க அரசு ஒப்புதல் தந்திருக்கவில்லை. ஆனால் டாக்டர் விரும்பினால் எழுதித்தர அங்கே தடையில்லை. இதழில் வந்த கட்டுரையை நம்பிப் பலர் எழுதியும் தந்தார்கள்.

அந்தச் சோதனைக்கு நிறுவனத்துக்குள் இருந்த பெயர் ‘ஸ்டடி 329’. ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனம் (2000-க்குப் பிறகு கிளாக்ஸோ ஸ்மித்கிளைன்) பணம் கொடுத்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 மையங்களில் 1994 முதல் 1998 வரை நடத்தியது. தொடங்கும் முன் ஒரு திட்ட ஆவணம் எழுதினார்கள். மருந்து வென்றதா தோற்றதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வோம் என்று அதில் எட்டு அளவைகள் இருந்தன. இரண்டு முதன்மையானவை, ஆறு துணையானவை. சோதனை முடிந்து கணக்குப் பார்த்தபோது அந்த எட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை.

எட்டிலும் தோற்ற மருந்து எப்படி வென்றதாக அச்சேறியது? மருந்தின் பலன் பற்றி யாரும் எண்களை இட்டுக்கட்டவில்லை. இருந்த எண்களில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு நீண்ட பெயர்கள் உண்டு. நம் மொழியில் ‘பொறுக்கிச் சொல்வது’ என்றால் போதும்.

ஒரு ‘அல்லது’ உடைந்த கதை

275 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். 93 பேருக்குப் பாராக்செட்டின், 95 பேருக்கு இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை, 87 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எட்டு வாரம் கழித்து ஹாமில்டன் அளவுகோலால் மனச்சோர்வை அளந்தார்கள். தூக்கம், பசி, குற்ற உணர்வு, மனநிலை என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை இது. மதிப்பெண் கூடினால் நோய் கடுமை என்று பொருள்.

முதல் முதன்மை அளவை, அந்த மதிப்பெண் எவ்வளவு இறங்கியது என்பது. பாராக்செட்டின் குழுவில் சராசரியாக 10.7 இறங்கியது. வெற்று மாத்திரைக் குழுவிலும் 9.1 இறங்கிவிட்டது. வித்தியாசம் 1.6 மட்டுமே. குறைந்தது 4 இருந்தால்தான் நோயாளிக்குப் பயன் என்று திட்டம் போட்டவர்களே கணக்கு வைத்திருந்தார்கள். ஆக, முதல் அளவையில் தோல்வி.

இரண்டாவது அளவை, எத்தனை பேர் தேறினார்கள் என்பது. தேறியவர் என்றால் யார்? மதிப்பெண் 8-க்குள் வந்திருக்க வேண்டும், அல்லது தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். பாராக்செட்டினில் சுமார் 67 சதவீதம் பேர் தேறினார்கள், வெற்று மாத்திரையில் 55 சதவீதம். இத்தனை சிறிய கூட்டத்தில் இந்த அளவு இடைவெளி தற்செயலாகவே வரக்கூடும். இதிலும் தோல்விதான்.

இனிதான் கவனிக்க வேண்டியது. வெளிவந்த கட்டுரையில் அந்த ‘அல்லது’ உடைந்து, அதன் முதல் பாதி தனி அளவையாக வந்து நின்றது. மதிப்பெண் 8-க்குள் வந்தவர்கள் ‘முழுக் குணம்’ கண்டவர்கள் என்று ஒரு புதுத் தலைப்பு. அதில் பாராக்செட்டின் 63 சதவீதம், வெற்று மாத்திரை 46 சதவீதம். இந்த இடைவெளி புள்ளியியல் தேர்வில் தேறிவிட்டது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், மதிப்பெண்களும் அதே மதிப்பெண்கள். கோட்டை எங்கே போடுவது என்பது மட்டும் மாறியது. மீன் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் குளத்துக்குக் கரை கட்டினால் எல்லா மீனும் உள்ளேதான் இருக்கும்.

இதுபோல நான்கு அளவைகள் கட்டுரையில் வெற்றியாக நின்றன. திட்ட ஆவணத்தையும் நிறுவனத்தின் உள் ஆவணங்களையும் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், இடையில் குறைந்தது 19 புதிய அளவைகள் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். பழைய எட்டையும் கூட்டினால் 27. தேறியவை அந்த 27-இல் நான்கு. கட்டுரையை மட்டும் படித்தவருக்கு 27 என்ற எண் தெரிய வழியே இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பதில் உள்ள கணக்கு

நம் ஊர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். விரும்பிய பூ வராவிட்டால் ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று திரும்ப எடுக்கும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. விரும்பிய பூ வரும்வரை எடுத்தால் அது சாமி சொன்ன பதில் ஆகாது.

மருத்துவப் புள்ளியியலிலும் இதே கதைதான். மருந்துக்குப் பலனே இல்லாதபோதும் வெறும் தற்செயலால் பலன் இருப்பதுபோல் தோன்றும் வாய்ப்பு 20-இல் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ‘தேறியது’ என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது ஒரே ஓர் அளவையைப் பார்த்தால், பயனற்ற மருந்து ஏமாற்றித் தேறும் வாய்ப்பு 5 சதவீதம். எட்டு அளவைகளைப் பார்த்து, அதில் ஏதாவது ஒன்று தேறினால் போதும் என்றால் அந்த வாய்ப்பு 34 சதவீதமாகிறது. 27 அளவைகள் என்றால் 75 சதவீதம். ஓர் அளவைக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மனச்சோர்வின் அளவைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை என்பதால் உண்மையில் எண் கொஞ்சம் குறையும். ஆனாலும் விஷயம் மாறாது. எத்தனை தடவை பூ எடுத்தார்கள் என்பது தெரியாமல், கடைசியில் வந்த பூவுக்கு மதிப்பே இல்லை.

பலனைப் பொறுக்கிச் சொன்னதுபோலவே, தீங்கும் மங்கலாகச் சொல்லப்பட்டது. தற்கொலை எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்ற நிகழ்வுகள் கட்டுரையில் ‘உணர்ச்சித் தடுமாற்றம்’ என்ற பொதுப் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டன. 2015-இல் ஒரு சுதந்திரக் குழு நிறுவனத்தின் மூல ஆவணங்களைக் கேட்டுப் பெற்று, பழைய திட்டத்தின்படியே கணக்கை மறுபடி போட்டு, பிஎம்ஜே இதழில் வெளியிட்டது. நோயாளிகளின் பதிவுத் தாள்கள் மட்டும் சுமார் 77,000 பக்கம். பாராக்செட்டினுக்குப் பலன் இல்லை, தற்கொலை தொடர்பான நிகழ்வுகளோ மருத்துவரீதியாகக் கவலைப்பட வேண்டிய அளவுக்குக் கூடியிருந்தன என்பது அவர்களின் முடிவு. கட்டுரை வந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டியல் கேட்கும் கேள்விகள்

இந்த மாதிரி மறைப்புகளைத் தடுக்கத்தானே இதழ்கள் பட்டியல் வைத்திருக்கின்றன என்று கேட்கலாம். வைத்திருந்தார்கள். குலுக்கல் முறைச் சோதனைகளைக் கட்டுரையாக்கும்போது என்னென்ன சொல்லியாக வேண்டும் என்று ‘கன்சார்ட்’ என்ற சரிபார்ப்புப் பட்டியல் 1996-லேயே வந்துவிட்டது. 2001, 2010, 2025 என்று அது திருத்தப்பட்டிருக்கிறது. 2010 பதிப்பில் 25 கேள்விகள், இப்போது 30.

அதன் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. குலுக்கல் எப்படி நடந்தது, அடுத்த நோயாளி எந்தக் குழுவுக்குப் போவார் என்பது சேர்ப்பவருக்குத் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள், முதன்மை அளவை எது, அதை யார் எப்போது அளந்தார்கள், இத்தனை பேர் போதும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும். கூடவே ஒரு படம் வரையச் சொல்லும். எத்தனை பேரைப் பரிசீலித்தோம், எத்தனை பேரைச் சேர்த்தோம், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், நடுவில் விலகியவர் எத்தனை, கடைசிக் கணக்கில் வந்தவர் எத்தனை என்று மேலிருந்து கீழாகக் கட்டங்கள். கல்யாண மண்டபத்தில் வந்தவர் எண்ணிக்கையும் விழுந்த இலையும் சரிபார்ப்பதுபோலத்தான். நூறு பேரைச் சேர்த்துவிட்டு எழுபது பேர் கணக்கை மட்டும் காட்டினால், மீதி முப்பது பேர் எங்கே என்று அந்தப் படம் கேட்டுவிடும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போனவர்கள் அந்த முப்பதில் இருக்கலாம்.

2010 பதிப்பில் நம் கதைக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி ஒன்று உண்டு. சோதனை தொடங்கிய பிறகு அளவைகளில் ஏதாவது மாற்றினீர்களா, ஏன் என்று அது கேட்கிறது. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருந்தால் 329-இன் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் பட்டியலின் எல்லையும் அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்பவர் ஆய்வாளர். பூர்த்தி செய்யும் நேரம், முடிவுகள் எல்லாம் கையில் வந்த பிறகு. ‘மாற்றவில்லை’ என்று அவர் எழுதிவிட்டால், அது மெய்யா பொய்யா என்று பார்க்கப் பட்டியலிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘எந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிறோம்’ என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் பக்க எண்ணைப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் பதிலே எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு. பட்டியல் ‘என்ன சொல்ல வேண்டும்’ என்று ஆய்வாளருக்குச் சொல்லும். ‘முன்பு என்ன சொன்னாய்’ என்று கேட்க வேறு ஏதாவது வேண்டும்.

மருந்து கொடுக்காத ஆய்வுகள்

ஆய்வாளர் யாருக்கும் எதையும் கொடுக்காமல், மக்கள் வாழ்வதை வாழ்ந்தபடியே கவனித்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகள் இன்னொரு வகை. புகைபிடிப்பவருக்கு என்ன ஆகிறது, இந்த மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு மாரடைப்பு குறைகிறதா என்றெல்லாம் நாளிதழ்களில் படிக்கிறோமே, பெரும்பாலும் அவை இந்த வகைதான். இவற்றைக் கண்காணிப்பு ஆய்வுகள் என்று சொல்வோம். இவற்றுக்கான பட்டியலின் பெயர் ‘ஸ்ட்ரோப்’. 2007-இல் வந்தது, 22 கேள்விகள்.

இங்கே குலுக்கல் இல்லை என்பதால் கவலை வேறு. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் இதய நோய் குறைகிறது என்று பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் பல ஆண்டுகள் காட்டிவந்தன. பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து உண்மையான சோதனை நடத்தினார்கள். இதய நோய் குறையவில்லை, கூடத்தான் செய்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியதால் 2002-இல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்படியானால் முன்பு கண்டது என்ன? தானாக விரும்பி ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியானவர்கள், உடம்பைப் பேணுபவர்கள், டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். அவர்கள் ஆரோக்கியத்துக்கான பாராட்டில் ஒரு பங்கை மாத்திரை தட்டிச் சென்றிருந்தது. மாத்திரையைத் தொடங்கிய வயதும் மற்ற சில காரணங்களும் உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரோப் பட்டியல் இந்த இடத்தைக் குறிவைத்துத்தான் கேட்கிறது. யாரைச் சேர்த்தீர்கள், எங்கிருந்து, எந்தக் காலத்தில்? வயது, வருமானம், புகை போன்றவற்றில் எவற்றைக் கணக்கில் எடுத்து ஈடுகட்டினீர்கள், ஏன் அவற்றை? ஈடுகட்டுவதற்கு முன் வந்த எண் என்ன, ஈடுகட்டிய பின் வந்த எண் என்ன? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. இரண்டு எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், முடிவு முழுக்க ஈடுகட்டும் கணக்கின்மேல் நிற்கிறது என்று படிப்பவர் புரிந்துகொள்ளலாம். ஈடுகட்டிய எண்ணை மட்டும் காட்டினால் அது தெரியாது.

கண்காணிப்பு ஆய்வையும் முன்கூட்டியே பதிவு செய்யலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பல ஆய்வுகளில் தகவல்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக் கணினியில் கிடக்கும். ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ‘இனிமேல்தான் இதைத் தேடப்போகிறேன்’ என்று பதிவு செய்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக நோயாளிகளைச் சேர்க்கும் சோதனையில் இந்த வசதி யாருக்கும் கிடையாது. முதல் நோயாளி வருவதற்கு முன் எட்டிப் பார்க்க அங்கே தகவல் என்ற ஒன்றே இல்லை.

பூட்டு வந்த விதம்

329-இன் கதையே அந்தப் பூட்டைக் கொண்டுவந்தது. சோதனை பலனைக் காட்டவில்லை என்று வெளியே சொல்வது வணிகரீதியாக ஏற்கத்தக்கதல்ல என்ற பொருளில் 1998-இல் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட ஒரு குறிப்பு 2004 தொடக்கத்தில் வெளியே கசிந்தது. அந்த ஜூனில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். பிள்ளைகளிடம் குறைந்தது ஐந்து ஆய்வுகள் நடத்திவிட்டு ஒன்றை மட்டும் வெளியிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் ஆகஸ்டில் 25 லட்சம் டாலர் கொடுத்து, தன் சோதனை முடிவுகளைப் பொதுவில் வைக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது.

அடுத்த மாதமே மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஒரு நிபந்தனை போட்டது. 2005 ஜூலை 1-க்குப் பிறகு நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கும் எந்தச் சோதனையும், முதல் நோயாளி சேர்வதற்கு முன் பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் இதழ்களில் இடமில்லை. பதிவேடு புதிதல்ல. அமெரிக்க அரசின் ClinicalTrials.gov 2000-லிருந்தே இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று ஆய்வாளரை நெருக்கும் நிபந்தனை இப்போதுதான் வந்தது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது? பொதுப்பணித் துறை டெண்டரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தொகையை எழுதி, உறையை ஒட்டி, குறித்த நாளுக்கு முன் பெட்டியில் போட வேண்டும். அடுத்தவர் உறையைப் பிரித்துப் பார்த்த பிறகு என் தொகையை எழுதலாம் என்றால் டெண்டருக்கே அர்த்தமில்லை. சோதனைப் பதிவும் அப்படித்தான். முதன்மை அளவை எது, எந்த அளவுகோல், எத்தனையாவது வாரம், எத்தனை நோயாளிகள் என்பதையெல்லாம் எழுதித் தேதியோடு போட்டுவிடுகிறார்கள். பிறகு திருத்தலாம், தடையில்லை. நியாயமான காரணங்களும் வரலாம். ஆனால் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு கூடவே நிற்கும்.

கட்டுரை எழுதும் முன் பதிவு செய்தால் போதாதா, ஏன் முதல் நோயாளிக்கு முன்? நோயாளிகள் வரத் தொடங்கிவிட்டால் தகவல் கசியத் தொடங்குகிறது. யாருக்கு எந்த மாத்திரை என்று மறைத்திருந்தாலும், வாய் வறட்சி, தூக்கம் போன்ற பக்கவிளைவுகளைப் பார்த்து டாக்டர்கள் ஊகித்துவிடுவார்கள். ஆறாவது வாரத்தில் நன்றாக இருக்கிறார்கள், எட்டாவது வாரத்தில் வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்று மனதில் ஒரு கணக்கு ஓடும். அப்போது ‘ஆறாவது வாரத்தில் அளப்போம்’ என்று பதிவு செய்தால் பொய் சொல்லாமலே பொறுக்கிவிடலாம். இதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. ஆசை இருந்தால் போதும்.

பூட்டு பலித்ததா? அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நிதி கொடுத்த 55 பெரிய இதய நோய்ச் சோதனைகளை ராபர்ட் கப்லான், வெரோனிகா இர்வின் இருவரும் எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். 2000-க்கு முன் வெளிவந்த 30 சோதனைகளில் 17, சிகிச்சை முதன்மை அளவையில் பலன் தந்ததாகச் சொல்லியிருந்தன. 2000-க்குப் பின் வந்த 25-இல் அப்படிச் சொன்னவை இரண்டே இரண்டு. அளவையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இதற்கு வலுவான காரணம் என்பது அவர்கள் கணிப்பு. இந்த ஒப்பீடும் ஒரு கண்காணிப்பு ஆய்வுதான், குலுக்கல் அல்ல. காலப்போக்கில் வழக்கமான சிகிச்சையே மேம்பட்டதால் புதியது வெல்வது கடினமாகியிருக்கலாம். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பூட்டைத் திறக்கும் சாவிகள்

பூட்டுக்கும் ஓட்டைகள் உண்டு. முதலாவது, பின்தேதிப் பதிவு. சோதனை பாதி ஓடிய பிறகோ முடிந்த பிறகோ பதிவு செய்வது. பதிவு எண் கிடைத்துவிடும், கட்டுரையில் அச்சாகிவிடும், பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தோன்றும்.

இரண்டாவது, வழவழ எழுத்து. முதன்மை அளவை ‘பதற்றம் குறைதல்’ என்று மட்டும் பதிவேட்டில் இருந்தால் அது பூட்டே அல்ல. எந்த அளவுகோலில், எத்தனை வாரத்தில், சராசரி இறக்கமா அல்லது குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தவர்களின் சதவீதமா? மூன்று அளவுகோல், மூன்று காலம், இரண்டு கணக்கு முறை என்று வைத்தால் அந்த ஒரே வார்த்தைக்குள் 18 அளவைகள் அடங்கிவிடும். 329-இன் ‘அல்லது’ அங்கேயும் உடையும்.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாதது. பென் கோல்டேகர் தலைமையில் பிரிட்டனில் ஒரு குழு 2015-இல் உலகின் ஐந்து முன்னணி மருத்துவ இதழ்களில் வந்த 67 சோதனைகளை எடுத்து, முன்பு சொன்னதையும் பின்பு சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தது. 58 கட்டுரைகளில் ஒழுங்கு மீறல் இருந்தது. சொன்ன அளவைகள் காணாமல் போயிருந்தன, சொல்லாதவை சத்தமில்லாமல் முளைத்திருந்தன. 58-க்கும் இதழ்களுக்குத் திருத்தக் கடிதம் எழுதினார்கள். அச்சானவை 23. கன்சார்ட் பட்டியலை ஏற்பதாக வெளிப்படையாக அறிவித்திருந்த இதழ்கள்தான் இவை. பட்டியலும் பதிவும் இரண்டும் இருந்தும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க யாரும் உட்காராவிட்டால் இதுதான் நிலை.

நீங்களே பார்க்கலாம்

இந்தியாவுக்கும் ஒரு பதிவேடு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கியது. முகவரி ctri.nic.in. 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளுக்கு இதில் பதிவு கட்டாயமானது. 2018 ஏப்ரல் 1 முதல், நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்ட சோதனைகளை அது பதிவுக்கு ஏற்பதில்லை. அலோபதி மட்டுமல்ல, சித்த மருத்துவச் சோதனைகளும் இதில் உண்டு. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் பற்றி நடந்த சோதனைகளையும் இதில் தேடிப் பார்க்கலாம். இலங்கைக்கும் 2006-லிருந்து தனிப் பதிவேடு இருக்கிறது.

யார் வேண்டுமானாலும், காசில்லாமல், பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கலாம். பதிவு எண் `CTRI/` என்று தொடங்கி ஆண்டு, மாதம், பிறகு ஆறு இலக்கம் என்று இருக்கும். பதிவின் தலையிலேயே அது பதிவான தேதி இருக்கும். பழைய பதிவுகளில் `Trial Registered Prospectively` என்றோ `Trial Registered Retrospectively` என்றோ பக்கத்தில் எழுதியிருக்கும். பின்னது என்றால் பின்தேதிப் பதிவு. கீழே போனால் `Date of First Enrollment`, அதாவது முதல் நோயாளி சேர்ந்த நாள். `Primary Outcome` என்ற கட்டத்தில் முதன்மை அளவையும், எப்போது அளப்பார்கள் என்பதும்.

அடுத்த முறை ‘இந்த மருந்து பலன் தருவது ஆய்வில் நிரூபணம்’ என்று வாட்ஸ்அப்பிலோ விளம்பரத்திலோ வந்தால், பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் மூன்றே விஷயம் பாருங்கள். பதிவான தேதி, முதல் நோயாளி சேர்ந்த தேதிக்கு முந்தியதா? முதன்மை அளவை இன்ன அளவுகோல், இன்ன வாரம் என்று தெளிவாக இருக்கிறதா? இப்போது வெற்றி என்று சொல்லப்படுவது அதே அளவையா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று வந்தால் மருந்து நல்லது என்று நிரூபணமாகிவிடாது. அந்தச் சோதனையைப் படிக்கலாம் என்ற தகுதி மட்டுமே அதற்கு வரும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தாலும், அந்த விளம்பரத்தை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் மாத்திரையை வாங்கிவிடாதீர்கள்.